நிலவேம்பின் கசப்பும் காய்ச்சலும்: கேள்வி அளவைப் பற்றியது

நிலவேம்பு இலை ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தவருக்கு அதன் கசப்பைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. தண்ணீர் குடித்தாலும் சட்டென்று போகாது. அந்தக் கசப்புக்கு முக்கியக் காரணமான பொருளை 1911-இல் கோர்ட்டர் என்ற வேதியியலாளர் செடியிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தார். ஆன்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா என்பது செடியின் தாவரவியல் பெயர். அதை ஒட்டி அந்தப் பொருளுக்கு ஆன்ட்ரோகிராபோலைடு என்று பெயர் வந்தது. வடக்கே 'கால்மேக்' என்று சொல்வதும் இதே செடியைத்தான்.

காய்ச்சலுக்கு நிலவேம்பு நல்லது என்று கேள்விப்பட்டிருப்போம். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனைகள் எதைக் காட்டின என்பதைப் பார்ப்போம். செல், எலி, மனிதர் என்று மூன்று படிகளில் இந்த ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் "எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வாருங்கள். செய்தித்தாள் தலைப்புகள் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் அதைத்தான்.

முதலில், காய்ச்சல் எப்படி வருகிறது?

காய்ச்சல் என்பது கிருமி மூட்டும் சூடு அல்ல. உடல் தானாகவே ஏற்றிக்கொள்ளும் சூடு. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. உடம்பின் வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதுதான் தீர்மானிக்கிறது. சாதாரண நாட்களில் அது 37 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கும். தொற்று வந்தால் அதே இடம் "இனி 39" என்று இலக்கை உயர்த்திவிடும். உடம்போ இன்னும் 37-இல்தான் இருக்கிறது. இலக்கை எட்டவில்லை என்பதால் நமக்குக் குளிர்கிறது, நடுங்குகிறது, போர்வையைத் தேடுகிறோம். நெற்றி கொதிக்கும்போதே குளிரெடுக்கும் விந்தைக்குக் காரணம் இதுதான்.

இலக்கை உயர்த்தும் செய்தி எங்கிருந்து கிளம்புகிறது? உடலின் திசுக்களில் மேக்ரோபேஜ் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள ஒரு பொருள் அவற்றின் மேல் பட்டாலே போதும், செல்லுக்குள் ஒரு மணி அடிக்கிறது. அந்த மணியின் பெயர் என்எஃப்-கப்பா-பி. இது ஒரு புரத ஜோடி. மற்ற நேரங்களில் வேறொரு புரதம் இதைப் பூட்டி வைத்திருக்கும். ஆபத்து தெரிந்ததும் பூட்டு உடைகிறது. ஜோடி செல்லின் உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் உட்காருகிறது. உட்கார்ந்ததும் அழற்சிக்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற தூதுப் புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. இவற்றைப் பொதுவாகச் சைட்டோகைன்கள் என்பார்கள்.

இந்தத் தூதர்கள் மூளையின் இரத்தக் குழாய்களை எட்டும்போது, அங்குள்ள செல்கள் காக்ஸ்-2 என்ற நொதியை உருவாக்குகின்றன. அந்த நொதி புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கிறது. ஹைபோதலாமஸின் காதில் "சூட்டை ஏற்று" என்று சொல்வது இந்த மூலக்கூறுதான். பாராசிட்டமால் இந்தக் கடைசிக் கட்டத்தில், மூளையில் புரோஸ்டாகிளாண்டின் தயாராவதைக் குறைத்து வேலை செய்கிறது. ஆன்ட்ரோகிராபோலைடோ ஆரம்பக் கட்டத்திலேயே, மணி அடிக்கும் இடத்தில் கை வைப்பதாகத் தெரிகிறது.

மணியின் நாக்கைப் பிடிப்பது

ஆன்ட்ரோகிராபோலைடு மூலக்கூறின் ஒரு முனையில் லாக்டோன் என்ற ஐந்து அணு வளையம் இருக்கிறது. அந்த வளையத்தை ஒட்டியுள்ள இரட்டைப் பிணைப்பு சும்மா இருக்காது. பக்கத்தில் கந்தக அணு கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். புரதங்களில் கந்தகம் எங்கே இருக்கும்? சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தில்.

மேலே சொன்ன புரத ஜோடியில் ஒன்றின் பெயர் பி50. அதன் 62-ஆவது இடத்தில் ஒரு சிஸ்டைன் உண்டு. டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ள அந்த இடம் முக்கியம். ஆன்ட்ரோகிராபோலைடு சரியாக அங்கே போய் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது என்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூட்டு உடைவதை அது தடுக்கவில்லை. ஜோடி உட்கருவுக்குள் போகத்தான் செய்கிறது. போனாலும் டிஎன்ஏவைப் பிடிக்க முடியாமல் நிற்கிறது. மணி ஆடுகிறது, ஆனால் நாக்கை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதால் ஒலி வரவில்லை.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கந்தகம் பி50-இல் மட்டுமா இருக்கிறது? உடம்பின் ஆயிரக்கணக்கான புரதங்களில் சிஸ்டைன் உண்டு. செல்லைப் பாதுகாக்கும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறிலும் உண்டு. அதனோடும் ஆன்ட்ரோகிராபோலைடு ஒட்டும். ஒட்டும் குணம்தான் மருந்தாக்குகிறது. அதே குணம்தான் அளவு கூடும்போது தொல்லையும் தருகிறது.

கிண்ணத்துக்குள் ஒரு சோதனை

செல்களில் இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. எலியின் மேக்ரோபேஜ் செல்களைச் சிறு கிண்ணங்களில் வளர்க்கிறார்கள். சில கிண்ணங்களில் ஆன்ட்ரோகிராபோலைடை வெவ்வேறு அளவுகளில் கலக்கிறார்கள். பிறகு எல்லாவற்றிலும் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைச் சேர்க்கிறார்கள். ஒரு நாள் கழித்து, செல்கள் வெளியே விட்ட அழற்சிப் பொருட்கள் எவ்வளவு என்று அளக்கிறார்கள். 1998-இல் வெளியான இப்படியொரு ஆய்வில் 1 முதல் 100 மைக்ரோமோலார் வரை அளவு கொடுத்தார்கள். ஒரு பொருள் திரவத்தில் எவ்வளவு செறிவாகக் கலந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அலகுதான் மைக்ரோமோலார். அளவு ஏற ஏற, செல்கள் உருவாக்கிய நைட்ரிக் ஆக்சைடு என்ற அழற்சிப் பொருள் குறைந்துகொண்டே வந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. செத்த செல்லும் அழற்சிப் பொருளை வெளியிடாது. மருந்து செல்லை அமைதிப்படுத்தியதா, கொன்றதா? வெளியான பொருளை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் நல்ல ஆய்வாளர்கள் அதே கிண்ணத்துச் செல்களுக்கு மஞ்சள் சாயம் ஒன்றைக் கொடுப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும், செத்த செல் மாற்றாது. இதை எம்டிடி சோதனை என்பார்கள். மூலிகை ஆய்வுக் கட்டுரை எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த ஊதா நிறக் கணக்கைத்தான். அது இல்லாவிட்டால் மற்ற வரைபடங்களை நம்புவது கடினம்.

எலிக்கு வந்த காய்ச்சல்

கிண்ணத்துச் செல்லுக்குக் காய்ச்சல் வராது. அதற்கு முழு உயிர் வேண்டும். வழக்கமான முறை, ரொட்டியும் மதுவும் தயாரிக்கப் பயன்படும் ஈஸ்ட்டை நீரில் கரைத்து எலியின் தோலுக்கடியில் ஊசி போடுவது. ஈஸ்ட்டின் செல்சுவரை அந்நியன் என்று எலியின் உடல் அடையாளம் காண்கிறது. சுமார் 18 மணி நேரத்தில் காய்ச்சல் ஏறி நிற்கும். அப்போது மருந்தைக் கொடுத்து, மணிக்கு ஒருமுறை வெப்பநிலையை அளப்பார்கள்.

இதிலும் ஒரு சரிபார்ப்பு தேவை. காய்ச்சல் இல்லாத எலிக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். உண்மையான காய்ச்சல் மருந்து உயர்ந்த இலக்கை மட்டுமே இறக்கும், இயல்பான உடம்பின் சூட்டை இறக்காது. சூடு இல்லாத எலியும் சில்லிட்டுப்போனால், அந்தப் பொருள் காய்ச்சலைக் குணப்படுத்தவில்லை, எலியை நச்சுப்படுத்துகிறது என்று பொருள்.

1995-இல் இந்தியாவில் வெளியான ஆய்வொன்றில், வாய்வழியாகக் கொடுத்த ஆன்ட்ரோகிராபோலைடு 3 மணி நேரத்துக்குப் பிறகு ஈஸ்ட் காய்ச்சலைக் கணிசமாகக் குறைத்தது. கொடுத்த அளவு, எலியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மில்லிகிராம், 300 மில்லிகிராம்.

இந்த 100 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது எவ்வளவு? நேராகப் பெருக்கினால் 6,000 மில்லிகிராம் வரும், ஆனால் அது தவறு. சிறு உயிர்களின் உடல் மருந்தை வேகமாகக் கையாள்கிறது. அதனால் எலியின் அளவை மனிதருக்கு மாற்றும்போது 6.2 ஆல் வகுப்பது வழக்கம். அப்போது கிலோவுக்கு 16 மில்லிகிராம். 60 கிலோவுக்கு ஏறத்தாழ 970 மில்லிகிராம். உலர்ந்த இலையில் 2 சதவீதம் ஆன்ட்ரோகிராபோலைடு இருப்பதாக வைத்துக்கொண்டால், இவ்வளவும் கிடைக்க 48 கிராம் இலைப்பொடி வேண்டும். அத்தனையும் கரைந்து உடலில் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு. அவ்வளவு கசப்பை ஒரே வேளையில் யாரால் விழுங்க முடியும்?

வயிற்றிலிருந்து இரத்தத்துக்கு

விழுங்கியது எல்லாம் இரத்தத்துக்குப் போவதில்லை. ஆன்ட்ரோகிராபோலைடு நீரில் மிகக் குறைவாகவே கரையும். குடலில் உறிஞ்சப்படும் பங்கிலும் ஒரு பகுதியைக் குடலின் சுவரே மாற்றிவிடுகிறது, இன்னொரு பகுதியைத் திரும்ப வெளியே தள்ளுகிறது. எலிகளில் 2011-இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, வாய்வழி கொடுத்ததில் 3 சதவீதத்துக்கும் குறைவாகவே மாறாத வடிவில் இரத்தத்தை எட்டியது.

மனிதர்களிடமும் அளந்திருக்கிறார்கள். 2000-இல் வெளியான ஆய்வில், 20 மில்லிகிராம் ஆன்ட்ரோகிராபோலைடு உள்ள மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் அது உச்சத்தைத் தொட்டது. மில்லிலிட்டருக்கு 393 நானோகிராம். மைக்ரோமோலாரில் சொன்னால் சுமார் 1.1.

இனி கிண்ணத்துக்குத் திரும்புங்கள். அங்கே 1 முதல் 100 வரை கொடுத்தார்கள். வாய்வழி எடுத்த மனிதரின் இரத்தத்தில் கிடைத்தது அந்த வரிசையின் கீழ்ப்படி. "50 மைக்ரோமோலாரில் அழற்சி அடங்கியது" என்று ஒரு கட்டுரை சொன்னால் அது பொய் இல்லை. ஆனால் மாத்திரை விழுங்கும் மனிதரின் உடம்பில் நடப்பதைப் பற்றி அது அதிகம் சொல்வதுமில்லை.

152 பேரும் தொண்டை வலியும்

அப்படியானால் மனிதர்களின் காய்ச்சலில் ஒன்றுமே நடக்கவில்லையா? தாய்லாந்தில் நடந்து 1991-இல் வெளியான சோதனை ஒன்று இங்கே சுவாரசியமானது. தொண்டை அழற்சியும் காய்ச்சலுமாக வந்த 152 பெரியவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பாராசிட்டமால். இன்னொரு குழுவுக்கு நாளொன்றுக்கு 3 கிராம் நிலவேம்பு. மூன்றாவது குழுவுக்கு 6 கிராம். மொத்தம் 7 நாட்கள்.

மூன்றாம் நாளில் பார்த்தபோது, பாராசிட்டமால் குழுவிலும் 6 கிராம் குழுவிலும் காய்ச்சலும் தொண்டை வலியும் 3 கிராம் குழுவைவிட நன்றாகக் குறைந்திருந்தன. ஏழாம் நாளில் மூன்று குழுக்களுக்கும் வித்தியாசமே இல்லை.

ஏழாம் நாள் முடிவில் வியப்பில்லை. தொண்டை அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். அதுவரை எதைக் கொடுத்திருந்தாலும் "மருந்து பலித்தது" என்று தோன்றும். எனவே மூன்றாம் நாளைத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் மருந்தில்லாத வெற்று மாத்திரைக் குழு கிடையாது. அது பெரிய குறை. ஆனாலும் 3 கிராம் குழு அந்த வேலையை ஓரளவு செய்கிறது. ஒரே மூலிகை, பாதி அளவு, பலன் குறைவு. மூலிகையின் மேல் உள்ள நம்பிக்கை மட்டுமே காய்ச்சலைக் குறைத்திருந்தால் 3 கிராமும் 6 கிராமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 6 கிராம் பொடியில், அதே 2 சதவீதக் கணக்கில், 120 மில்லிகிராம் ஆன்ட்ரோகிராபோலைடுதான் இருக்கும். எலிக் கணக்கு கேட்ட 970 எங்கே, இந்த 120 எங்கே? எலியின் ஈஸ்ட் காய்ச்சல் மனிதரின் தொண்டைக் காய்ச்சலை அப்படியே பிரதிபலிக்காமல் இருக்கலாம். இலையில் நியோஆன்ட்ரோகிராபோலைடு போன்ற உறவுக்காரப் பொருட்களும் இருக்கின்றன, அவையும் கைகொடுத்திருக்கலாம். முழுச் செடியைப் பற்றிய முடிவை ஒற்றைப் பொருளின் கணக்கில் எழுதுவதோ, ஒற்றைப் பொருளின் முடிவைச் செடியின் கணக்கில் எழுதுவதோ இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

கசப்பைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. நோயாளிக்கும் மருத்துவருக்கும் யார் என்ன சாப்பிடுகிறார் என்பது தெரியக்கூடாது என்பது நல்ல சோதனையின் விதி. நிலவேம்பைக் கஷாயமாகக் கொடுத்தால் முதல் மடக்கிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால்தான் பொடியைக் குப்பிக்குள், அதாவது கேப்சூலில், அடைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்ப்புச் சக்தி கூடுகிறதா, குறைகிறதா?

"நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்ற வாசகம் எனக்கு எப்போதும் கொஞ்சம் நெருடும். மேலே பார்த்தது என்ன? மணியின் நாக்கைப் பிடிப்பது. அது எதிர்ப்பு வினையின் ஒரு பகுதியை அடக்குவது, கூட்டுவது அல்ல.

ஆனால் கூட்டியதாகவும் ஆய்வு உண்டு. 1993-இல் வெளியான ஆய்வொன்றில், சுண்டெலிகளுக்குச் செம்மறியாட்டின் இரத்தச் சிவப்பணுக்களைச் செலுத்தினார்கள். சுண்டெலிக்கு அது அந்நியப் பொருள் என்பதால் அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்கும். நிலவேம்புச் சாறு கொடுக்கப்பட்ட சுண்டெலிகளில் ஆன்டிபாடி கூடுதலாக உருவானது. தூய ஆன்ட்ரோகிராபோலைடும் கூட்டியது, ஆனால் முழுச் சாற்றைவிடக் குறைவாக. இதற்கு நேர்மாறாக, 2005-இல் வெளியான ஆய்வில் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் தூண்டப்படுவதை ஆன்ட்ரோகிராபோலைடு தடுத்தது. உடலே தன் நரம்புகளைத் தாக்கும்படி செய்யப்பட்ட சுண்டெலிகளில் அந்தத் தாக்குதலையும் தணித்தது.

இரண்டும் மோதுவதாகத் தோன்றும். எதிர்ப்பு மண்டலத்தில் கூட்டவும் குறைக்கவும் ஒற்றைக் குமிழ் இருக்கிறது என்று நினைத்தால்தான் அந்த மோதல். உண்மையில் அது பல குழுக்கள் சேர்ந்த ஒரு வாத்தியக் கச்சேரி. எந்தச் செல்லை, எந்த நேரத்தில், எவ்வளவு கொடுத்து, எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால் ஆய்வாளர்கள் 'கூட்டும்' என்று சொல்வதைவிட 'மாற்றியமைக்கும்' என்று சொல்லவே விரும்புகிறார்கள்.

தூய ஆன்ட்ரோகிராபோலைடை அதிக அளவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததும் எதிர்ப்பு மண்டலத்துக்காகத்தான். 2000-இல் வெளியான அந்தச் சோதனையில் எச்ஐவி தொற்றுள்ள 13 பேரும் ஆரோக்கியமான 5 பேரும் கலந்துகொண்டார்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று மூன்று வாரம், பிறகு 10 என்று மூன்று வாரம், கடைசியில் 20 என்று மூன்று வாரம் கொடுப்பது திட்டம். 10-ஐத் தாண்டவே இல்லை. ஆறாவது வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். பக்கவிளைவுகள் அதிகமாகின. ஒருவருக்கு அனாஃபிலாக்சிஸ் எனப்படும் கடுமையான ஒவ்வாமையே வந்தது. 10 மில்லிகிராம் கட்டத்துக்குப் பிறகு தொற்றாளர்களின் இரத்தத்தில், எச்ஐவி தாக்கும் எதிர்ப்புச் செல்களான சிடி4 செல்களின் சராசரி 405-இலிருந்து 501-க்கு உயர்ந்திருந்தது. ஆனால் இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு குறிப்பிடும்படி மாறவில்லை.

பழைய எலிக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எலியின் காய்ச்சலைக் குறைத்த அளவு, மனிதருக்கு மாற்றினால் கிலோவுக்கு 16 மில்லிகிராம். மனிதர்களில் சோதனையை நிறுத்த வைத்த அளவோ 10.

மூன்று நிமோனியா, ஒரு பிழை

கொரோனா காலத்தில் தாய்லாந்து இந்தச் செடியின் சாற்றை லேசான தொற்றுள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. நாளொன்றுக்கு 180 மில்லிகிராம் ஆன்ட்ரோகிராபோலைடு, ஐந்து நாட்கள். 2021-இல் ஓர் ஆய்வின் முன்வரைவு, மற்ற ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே, வெளியானது. சாறு பெற்ற 29 பேரில் யாருக்கும் நிமோனியா வரவில்லை. வெற்று மாத்திரை பெற்ற 28 பேரில் மூவருக்கு வந்தது. 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று எழுதியிருந்தார்கள். பிறகு புள்ளியியல் கணக்கில் பிழை என்று ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பிழையை நாமே கண்டுபிடிக்கலாம். மொத்தம் 57 பேர், அவர்களில் மூவருக்கு நிமோனியா. மருந்துக்கு எந்தப் பலனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மூவரும் தற்செயலாக வெற்று மாத்திரைக் குழுவிலேயே இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? முதலாமவர் அங்கே இருக்க 57-க்கு 28. இரண்டாமவருக்கு 56-க்கு 27. மூன்றாமவருக்கு 55-க்கு 26. மூன்றையும் பெருக்கினால் 0.112 வரும். அதாவது ஒன்றுமே செய்யாத மருந்தை வைத்து இந்தச் சோதனையை நூறு முறை நடத்தினாலும், சுமார் பதினொரு முறை இதே முடிவு கிடைத்துவிடும். நூற்றில் ஐந்துக்குக் கீழே போனால்தான் குறிப்பிடத்தக்கது என்று ஏற்பது வழக்கம்.

இதனால் சாறு பயனற்றது என்று ஆகிவிடாது. 57 பேர் போதவில்லை என்று மட்டும் ஆகிறது.

டப்பாவைத் திருப்பிப் பார்க்கும்போது

ஒவ்வாமை அந்த எச்ஐவி சோதனையோடு முடிந்த விஷயமல்ல. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மூலிகை உள்ள பொருட்களால் வந்த அனாஃபிலாக்சிஸ் குறித்து 2015-இல் தனியாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கினாலோ, தடிப்புகள் கிளம்பினாலோ, மூச்சு இறுகினாலோ காத்திருக்காமல் அவசர மருத்துவ உதவிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோ, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்தோ சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

கடையில் வாங்கும் டப்பாவில் "நிலவேம்பு 500 மில்லிகிராம்" என்று இருந்தால், அது பொடியா, செறிவூட்டிய சாறா என்று பாருங்கள். 2 சதவீதமுள்ள பொடியாக இருந்தால் அதில் ஆன்ட்ரோகிராபோலைடு 10 மில்லிகிராம். 30 சதவீதத்துக்குச் செறிவூட்டிய சாறாக இருந்தால் 150 மில்லிகிராம். முன்பக்கத்தில் இரண்டிலும் ஒரே 500-தான் அச்சிட்டிருக்கும்.